சொந்தப் பக்கம் நடத்திய ஃப்ரெஷர், சோஷியல் மீடியா வேலைக்குக் கவர் லெட்டர் எழுதுவது எப்படி?

டிகிரி முடித்தாயிற்று. எந்தக் கம்பெனியிலும் வேலை பார்த்ததில்லை. ஆனால் சொந்தமாக ஒரு இன்ஸ்டாகிராம் பக்கமோ யூடியூப் சேனலோ சில மாதங்கள் நடத்திய கை இருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் ஜூனியர் சோஷியல் மீடியா வேலைக்கு எழுதும் லெட்டர்கள் மதுரையில் என் மேஜைக்கு நிறைய வருகின்றன. பக்கத்தைத் திறந்து பார்த்தால் நல்ல வேலை இருக்கும், லெட்டரில் அதன் வாசனையே இருக்காது. ‘கிரியேட்டிவ்’, ‘பேஷனேட்’, ‘டீம் ப்ளேயர்’ என்று ஒரே அச்சில் வார்த்தவை.

பெரும்பாலும் காரணம் வரிசைதான். லெட்டரை முதலில் எழுதிவிட்டு, ஆதாரத்தைப் பிறகு தேடுகிறார்கள். இந்த வழிகாட்டி அதைத் திருப்பிப் போடுகிறது: ஆதாரம், விளம்பரம், நடுப் பத்தி, கடைசியில்தான் முதல் வரி.

தொடர்ந்து பார்க்க ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். மேலூர்ப் பக்கத்துப் பெண், மதுரையில் பி.காம் முடித்தவர். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் அவருடைய மாமா இருக்கிறார். அந்தத் தொடர்பை வைத்து, தினமும் மல்லி, பிச்சி, கனகாம்பரம் விலையைச் சொல்லும் ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம் நடத்துகிறார். விண்ணப்பிப்பது மதுரை அண்ணா நகரில் உள்ள ஒரு சின்ன ஏஜென்சிக்கு. துணிக்கடை, ஸ்வீட் கடை, பல் மருத்துவமனை என்று உள்ளூர்க் கடைகளின் பக்கங்களை அது பார்த்துக்கொள்கிறது. ஆளும் எண்களும் மாதிரிக்காகச் சொல்பவை, முறை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

## 1. எழுத உட்காரும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்

முதல் வேலை, பக்கத்தின் எண்களைப் பத்திரப்படுத்துவது. இன்ஸ்டாகிராம் ஆப்பில் கணக்கு முழுவதற்குமான இன்சைட்ஸ் அதிகபட்சம் கடந்த 90 நாட்களுக்குத்தான் காட்டும். ஆடி மாதம் நடந்ததைப் பற்றித் தையில் எழுத உட்கார்ந்தால் அந்த மொத்த எண்கள் கையில் இருக்காது. ஒவ்வொரு போஸ்ட்டாகத் திறந்து பார்த்துக் குறிக்க வேண்டிவரும்.

இன்னொன்று: இன்சைட்ஸ் வேண்டுமானால் கணக்கு புரொஃபஷனல் கணக்காக இருக்க வேண்டும். பெர்சனல் கணக்கிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் இன்றே மாற்றுங்கள். மாற்றிய நாளிலிருந்துதான் எண்கள் முழுதாகச் சேரும், பழைய போஸ்ட்டுகளுக்குப் பின்தேதியிட்டு வராது. அதனால் மாற்றிவிட்டு, இரண்டு மூன்று வாரம் வழக்கம்போல் போஸ்ட் போட்டு, அதன் பிறகு விண்ணப்பிப்பது நல்லது.

ஒரு நோட்டிலோ ஷீட்டிலோ போஸ்ட்டுக்கு ஒரு வரி எழுதுங்கள்: தேதி, போட்ட நேரம், ரீலா படமா, வியூஸ், ஷேர், சேவ், பணம் போட்டு பூஸ்ட் செய்ததா இல்லையா. லைக் எண்ணிக்கையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். லைக் சும்மா விரல் படுவதிலும் வரும், ஷேர் அப்படி வராது. ஒருவர் இன்னொருவரை நினைத்து அனுப்புகிறார்.

## 2. விளம்பரத்தில் கேட்கும் வேலையைப் பிரித்து எழுதுங்கள்

ஜூனியர் வேலைக்கான விளம்பரம் பெரிய வார்த்தைகளில் இருந்தாலும் அன்றாட வேலை நான்கைந்துதான். மாதக் காலண்டர் போடுவது, கேப்ஷன் எழுதுவது, ஃபோனில் ரீல் எடுத்து எடிட் செய்வது, கமெண்ட்டுக்கும் இன்பாக்ஸுக்கும் பதில் சொல்வது, மாதக் கடைசியில் ரிப்போர்ட் தயாரிப்பது.

விளம்பரத்தைப் படித்து இதில் எவை இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். நம் எடுத்துக்காட்டில் ஏஜென்சி இரண்டை அழுத்திச் சொல்லியிருக்கிறது: தமிழில் கேப்ஷன் எழுதத் தெரிய வேண்டும், கஸ்டமர் கமெண்ட்டுகளைக் கையாளத் தெரிய வேண்டும்.

இதை ஏன் முதலிலேயே செய்ய வேண்டும் என்றால், உங்கள் பக்கத்தில் சொல்லத்தக்க விஷயம் பத்து இருக்கலாம். லெட்டரில் இடம் இரண்டுக்குத்தான். எந்த இரண்டு என்பதை விளம்பரம் தீர்மானிக்கட்டும். பூ மார்க்கெட் ரீல்களின் கலர் கரெக்‌ஷன் எவ்வளவு அருமையாக இருந்தாலும், இந்த விளம்பரத்துக்கு அது ஒரு அரை வரி.

‘உங்கள் பிராண்டை அடுத்த கட்டத்துக்குக் கொண்டு செல்வேன்’ என்ற வரியைப் பலரும் எழுதுகிறார்கள். கேட்டது கமெண்ட்டுக்குப் பதில் சொல்ல ஒரு ஆள். அந்த வரி, விளம்பரத்தைப் படிக்கவில்லை என்று சொல்லிக்காட்டிவிடுகிறது.

## 3. ஒரு ப்ராஜெக்ட் போதும்

பூ விலைப் பக்கம் தவிர, இந்தப் பெண் தன் சித்தியின் சுங்குடிச் சேலை வியாபாரத்துக்கு வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் போட்டுக் கொடுத்திருக்கிறார். கல்லூரி விழாவுக்குப் போஸ்டர் செய்திருக்கிறார். ஒரு மீம் பக்கமும் உண்டு. நான்கையும் லெட்டரில் அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிதான் கிடைக்கும். ஒரு வரியில் யாரும் யோசித்துக் காட்ட முடியாது.

தேர்ந்தெடுக்க ஒரே ஒரு கேள்வி போதும்: எந்தப் பக்கத்தில் நீங்கள் ஒன்றைப் பார்த்து, அதனால் ஒன்றை மாற்றி, அதன் விளைவையும் பார்த்தீர்கள்? ஃபாலோயர் எண்ணிக்கை இங்கே முக்கியமில்லை. மீம் பக்கத்துக்குப் பூப் பக்கத்தைவிடப் பல மடங்கு ஃபாலோயர் இருக்கலாம், ஆனால் அங்கே அவர் எதையும் மாற்றிப் பார்க்கவில்லை, ஓடியது ஓடியது. பூப் பக்கத்தில் மாற்றம் இருக்கிறது. சேலைக் கேட்டலாக்கை ஒரு வரியில் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், ஏஜென்சியிடம் துணிக்கடை இருப்பதால். மற்ற இரண்டும் ரெஸ்யூமில் இருக்கட்டும்.

பெயர் வைப்பதில் கவனம் வேண்டும். சித்தியின் வியாபாரத்தை ‘கிளையண்ட்’ என்று எழுதாதீர்கள். தனியாக நடத்திய பக்கத்துக்கு ‘ஃபவுண்டர்’ என்று பட்டம் போட்டுக்கொள்ளாதீர்கள். இன்டர்வியூவில் ‘அந்தக் கிளையண்ட் மாசம் எவ்வளவு கொடுத்தாங்க?’ என்று கேட்டால் முகம் மாறிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையான எண்ணையும் சந்தேகத்தோடுதான் கேட்பார்கள். ‘சித்தியின் சேலை வியாபாரத்துக்குச் சம்பளம் இல்லாமல் செய்தேன்’ என்று எழுதினால் எதுவும் குறைந்துவிடாது.

## 4. நடுப் பத்தியை முதலில் எழுதுங்கள்

லெட்டரின் உயிர் நடுப் பத்தியில். அதை எழுதி முடித்தால் முதல் பத்தி தானாக வரும். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டு மாலை முழுவதும் உட்கார்ந்திருப்பவர்கள், என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாமலே வாசல் கோலம் போடுகிறவர்கள்.

பத்தியில் நான்கு விஷயங்கள் இந்த வரிசையில் வர வேண்டும்: என்ன செய்துகொண்டிருந்தேன், எதைக் கவனித்தேன், எதை மாற்றினேன், என்ன ஆயிற்று.

பூப் பக்கத்தில் நடந்தது இது. ஆரம்பத்தில் அவர் போட்டவை எல்லாம் ரீல்கள். மல்லிகைக் குவியல், தராசு, கூடை, பின்னணியில் ஏலக்குரல். வியூஸ் நன்றாகவே வந்தன. ஆனால் கமெண்ட்டில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: ‘இன்னிக்கு மல்லி என்ன விலைக்கா?’ விலை ரீலில் எங்கோ நடுவில் ஒரு விநாடி வந்து போனது. கேட்டவர்கள் யார் என்று ப்ரொஃபைல்களைப் பார்த்தால், பூக்கட்டி விற்கும் பெண்கள், சின்னப் பூக்கடைக்காரர்கள், வீட்டில் விசேஷம் வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு விலை வேண்டும், அதுவும் வாங்கக் கிளம்பும் முன். ரீலோ எடிட் முடிந்து ராத்திரி 9 மணிக்குத்தான் ஏறியது. அந்த நேரத்தில் காலை விலையை வைத்து என்ன செய்வது?

அதனால் ரீலை வாரம் ஒன்றாகக் குறைத்துவிட்டு, தினமும் காலை 6 மணிக்கு ஒரு விலை அட்டை போட்டார். வெள்ளைப் பின்னணி, ஐந்து பூ, ஐந்து விலை, மேலே ‘காலை 6 மணி நிலவரம்’. நேரம் ஏன் என்றால், பூ மார்க்கெட்டில் விலை மணிக்கு மணி நகரும். நேரம் போடாத விலைக்குச் சண்டை வரும்.

இதுதான் லெட்டருக்குத் தேவையான சரக்கு. படிக்கிற மேலாளருக்கு மல்லிகை விலையில் அக்கறை இல்லாமல் இருக்கலாம். ஆனால் கமெண்ட்டைப் படித்து, கேட்பவர் யார் என்று பார்த்து, அதற்கேற்ப நேரத்தையும் வடிவத்தையும் மாற்றிய ஆள் என்பது புரியும். நாளை துணிக்கடைப் பக்கத்தில் ‘சைஸ் என்ன இருக்கு?’ என்று திரும்பத் திரும்ப வந்தால் இந்த ஆளின் கண்ணில் படும் என்று கணக்குப் போடுவார்.

வழக்கமாகச் சறுக்கும் இடம் இரண்டாவது விஷயம். ‘ரீல் போட்டேன், பிறகு விலை அட்டை போட்டேன், ஷேர் கூடியது’ என்று எழுதிவிடுவார்கள். எதைப் பார்த்து மாற்றினார்கள் என்பது விடுபட்டுப் போகும். அது இல்லாவிட்டால் மொத்தமும் அதிர்ஷ்டம்போல் தெரிகிறது.

## 5. எண்ணை அதன் சூழ்நிலையோடு எழுதுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். ‘என்கேஜ்மென்ட் 900 சதவீதம் கூடியது’ என்ற வரியைப் படித்ததும் எங்களுக்கு வரும் முதல் கேள்வி, எதிலிருந்து என்பது. ஒரு ஷேர் பத்து ஷேர் ஆனாலும் 900 சதவீதம்தான். சதவீதத்தை விட்டுவிட்டு இரண்டு எண்களையும் நேராக எழுதுங்கள்.

அடுத்தது, எந்த எண்? ஒரே ஒரு ரீல் எப்படியோ ஓடி லட்சம் வியூஸ் வந்திருந்தால், சராசரி எடுக்கும்போது அது எல்லாவற்றையும் தூக்கிவிடும். அதற்குப் பதிலாக 11 போஸ்ட்டை எடுத்து, சிறியதிலிருந்து பெரியதாக வரிசையில் நிறுத்தி, நடுவில் வரும் ஆறாவது எண்ணை எடுங்கள். அந்தப் பக்கத்தில் சாதாரணமாக என்ன நடக்கிறது என்பதை அது காட்டும். லெட்டரில் ‘நடுத்தரமான ஒரு போஸ்ட்டுக்கு’ என்று சொன்னால் போதும்.

மூன்றாவது, நீங்கள் மாற்றியதால்தான் கூடியதா? பூப் பக்கத்தில் இந்தக் கேள்வி கூர்மையானது. விலை அட்டையை அவர் ஆவணி முதலில் தொடங்கினார். ஆவணி முகூர்த்த மாதம். மல்லி விலை ஏறும், எல்லோரும் விலை விசாரிப்பார்கள், எந்தப் பூப் பக்கத்துக்கும் கூட்டம் வரும். ரீல் போட்டதோ ஆடியில். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆடியையும் ஆவணியையும் ஒப்பிட்டால் அட்டைக்குப் போக வேண்டிய பெருமையா, முகூர்த்தத்துக்குப் போக வேண்டிய பெருமையா என்று பிரிக்கவே முடியாது.

அதனால் ஆவணியை விட்டுவிட்டார். புரட்டாசியிலும் கல்யாணங்கள் குறைவு. ஆடி ரீல்களையும் புரட்டாசி அட்டைகளையும் ஒப்பிட்டார். அதிலும் ஆடி வெள்ளிகளையும் ஆயுத பூஜையை ஒட்டிய நாட்களையும் கழித்துவிட்டார், அப்போது கோயிலுக்கும் பூஜைக்கும் பூ அதிகம் போகும் என்பதால். மிஞ்சிய சாதாரண நாட்களில் இரண்டு பக்கமும் 11 போஸ்ட். நடுவில் வந்த எண்கள்: ரீலுக்கு 2,100 வியூஸ், 3 ஷேர். அட்டைக்கு 900 வியூஸ், 31 ஷேர்.

வியூஸ் பாதிக்கும் கீழே போயிருக்கிறது, கவனியுங்கள். பலர் இந்த எண்ணை மறைத்துவிட்டு ஷேரை மட்டும் எழுதுவார்கள். மறைக்காதீர்கள். பக்கத்தைத் திறந்தால் ரீல்களின் வியூஸ் யாருக்கும் தெரியும். அதைவிட, ‘வியூஸ் குறையும் என்று தெரிந்தே மாற்றினேன், எனக்கு வேண்டியது பூக்கட்டுபவர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்கு இது போய்ச் சேர்வது’ என்று எழுதினால், எந்த எண்ணுக்காக வேலை செய்கிறோம் என்று தெரிந்த ஆள் என்று புரிகிறது. மாத ரிப்போர்ட் எழுதத் தெரியுமா என்ற கேள்விக்கு அந்த ஒரு வரியிலேயே பதில் வந்துவிட்டது.

பூஸ்ட் செய்திருந்தால் எத்தனை ரூபாய் என்று எழுதுங்கள். செய்யவில்லை என்றால் ‘விளம்பரச் செலவு இல்லாமல்’ என்று மூன்று வார்த்தை. காசு கொடுத்து ஃபாலோயர் வாங்கியிருந்தால் அந்தப் பக்கத்தை லெட்டரில் காட்டவே வேண்டாம். இன்சைட்ஸில் ஃபாலோயர்கள் எந்த ஊர் என்று வரும். மதுரைப் பூ விலைப் பக்கத்துக்கு வெளிநாட்டு ஊர்கள் வரிசையாக நின்றால் விஷயம் அங்கேயே முடிந்தது.

## 6. கமெண்ட்டைக் கையாண்ட ஒரு நிகழ்ச்சி

விளம்பரம் இதைக் கேட்டிருப்பதால் இரண்டாவது பத்தி இதற்கு. ‘நல்ல கம்யூனிகேஷன் ஸ்கில் உண்டு’ என்று எழுதுவதற்குப் பதில், ஒரு நாள் நடந்ததைச் சொல்லுங்கள். எதுவும் தப்பாகாமல் நடந்த நாளைவிட, ஒன்று தப்பாகிப்போன நாள்தான் இதற்குப் பொருத்தம்.

ஒரு காலை அட்டையில் முல்லை விலையும் கனகாம்பரம் விலையும் இடம் மாறிவிட்டன. ‘தப்பான விலையப் போட்டு ஏமாத்துறீங்களா’ என்று ஒருவர் கமெண்ட் போட்டார். பக்கத்தை நடத்தும் பெண் அந்தக் கமெண்ட்டை நீக்கவில்லை, போஸ்ட்டையும் நீக்கவில்லை. ஏற்கெனவே ஷேர் ஆகியிருந்ததால் நீக்கினாலும் தப்பான படம் குரூப்புகளில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். சரியான விலையைக் கமெண்ட்டாகப் போட்டு மேலே பின் செய்தார். கேப்ஷனின் முதல் வரியில் திருத்தம் எழுதினார். திருத்திய அட்டையை ஸ்டோரியில் போட்டார். கேட்டவருக்கு, ‘நீங்க சொன்னது சரிங்கண்ணா, ரெண்டு விலையும் மாறிப்போச்சு, திருத்திட்டேன்’ என்று பெயர் சொல்லிப் பதில்.

லெட்டரில் இது மூன்று வாக்கியம் ஆகும். கடைக்காரர்களின் பக்கங்களை நடத்தும் ஏஜென்சிக்குக் கோபக் கமெண்ட் தினசரி விஷயம். ஜூனியர் பயந்துபோய் டிலீட் பட்டனைத் தட்டிவிடுவாரோ என்பதுதான் அவர்கள் கவலை.

## 7. அவர்கள் பக்கத்தைப் பற்றி ஒரே ஒரு வரி

ஏஜென்சி நடத்தும் பக்கங்களில் ஒன்றை எடுத்து, கடைசி ஒரு மாதப் போஸ்ட்டுகளைப் பாருங்கள். கண்ணில் பட்ட ஒன்றை, கேள்வியாக எழுதுங்கள். தீர்ப்பாக எழுதாதீர்கள். உங்கள் லெட்டரைப் படிப்பவரே அந்தப் பக்கத்தை நடத்துபவராக இருக்க வாய்ப்பு அதிகம். தவிர, உள்ளே என்ன நிபந்தனை என்று வெளியிலிருந்து தெரியாது. துணிக்கடைப் பக்கத்தில் விலை கேட்பவர்களுக்கெல்லாம் ‘இன்பாக்ஸ் பாருங்கள்’ என்று பதில் இருக்கிறது என்றால், விலையைப் பொதுவில் போட வேண்டாம் என்று கடை முதலாளியே சொல்லியிருக்கலாம்.

‘உங்கள் பக்கத்தில் என்கேஜ்மென்ட் குறைவு, நான் வந்தால் சரிசெய்வேன்’ என்று எழுதியவர்களை யாரும் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை.

## 8. முதல் பத்தியும் கடைசிப் பத்தியும்

இப்போது முதல் பத்தி. எந்த வேலை, எங்கே விளம்பரம் பார்த்தீர்கள், உங்கள் பக்கம் என்ன: இரண்டு வாக்கியம். ‘அனுபவம் இல்லை என்றாலும்’ என்று தொடங்க வேண்டாம். ஃப்ரெஷர் என்பது ரெஸ்யூமில் இருக்கிறது, அவர்களே ஃப்ரெஷர் கேட்டுத்தான் விளம்பரம் போட்டிருக்கிறார்கள்.

கடைசிப் பத்தியில் உபயோகமான விஷயம் மட்டும்: எப்போது சேர முடியும், வெளியூர் என்றால் வந்துபோக வசதி உண்டா, எந்த ஆப்களில் கை பழக்கம். சித்திரைத் திருவிழா, தீபாவளி சமயங்களில் கடைப் பக்கங்களுக்கு வேலை குவியும். அந்த நாட்களில் இருக்க முடியுமென்றால் சொல்லுங்கள், முடியாதென்றால் சொல்லாதிருங்கள். சம்பளம் பற்றி அவர்கள் கேட்காதவரை எழுத வேண்டாம்.

## 9. சேர்த்துப் பார்த்தால்

விளம்பரம் ஆங்கிலத்தில் வந்திருந்தால் லெட்டரும் ஆங்கிலத்தில் போவதுதான் வழக்கம். கீழே உள்ளதன் விஷயத்தை எடுத்துக்கொண்டு உங்களுக்குப் பழகிய எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது.

> மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,
>
> ஜூனியர் சோஷியல் மீடியா எக்ஸிகியூட்டிவ் வேலைக்கான உங்கள் விளம்பரத்தை லிங்க்டுஇன்னில் பார்த்தேன். ஆடி மாதம் முதல், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டின் தினசரி விலையைச் சொல்லும் இன்ஸ்டாகிராம் பக்கம் ஒன்றைத் தனியாக நடத்தி வருகிறேன்.
>
> முதலில் மார்க்கெட் ரீல்களை இரவு 9 மணிக்குப் போட்டு வந்தேன். கமெண்ட்டுகளில் பெரும்பாலும் அன்றைய விலையைக் கேட்டார்கள். கேட்டவர்கள் பூக்கட்டி விற்பவர்களும் சிறு கடைக்காரர்களும். அவர்கள் வாங்கக் கிளம்பும் முன் விலை கிடைக்க வேண்டும் என்பதால், காலை 6 மணிக்குத் தமிழில் ஒரு விலை அட்டை போடத் தொடங்கினேன். முகூர்த்த நாட்களில் பூப் பக்கங்களுக்குத் தானாகவே கூட்டம் வரும் என்பதால், அவற்றையும் ஆடி வெள்ளி, ஆயுத பூஜை நாட்களையும் விட்டுவிட்டு ஒப்பிட்டேன். நடுத்தரமான ஒரு போஸ்ட்டுக்கு வியூஸ் 2,100-லிருந்து 900-ஆகக் குறைந்தது. ஷேர் 3-லிருந்து 31-ஆகக் கூடியது. வாட்ஸ்அப் குரூப்புகளுக்குப் போய்ச் சேர்வதே நோக்கம் என்பதால் இந்த முறையைத் தொடர்கிறேன். விளம்பரச் செலவு எதுவும் இல்லை.
>
> ஒரு நாள் அட்டையில் இரண்டு பூக்களின் விலை இடம் மாறிவிட்டது. போஸ்ட்டையும் கோபமான கமெண்ட்டையும் நீக்காமல், சரியான விலையைப் பின் செய்து, கேப்ஷனிலும் ஸ்டோரியிலும் திருத்தம் போட்டு, சுட்டிக்காட்டியவருக்குப் பதில் எழுதினேன். அந்தப் போஸ்ட்டின் லிங்க் இணைத்துள்ளேன்.
>
> நீங்கள் பார்த்துக்கொள்ளும் துணிக்கடைப் பக்கத்தில், சேலை வீடியோக்களின் கீழ் ‘வேறு கலர் உண்டா’ என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இருக்கும் கலர்களை இரண்டாவது படமாகப் போட்டுப் பார்க்க முடியுமா என்று தோன்றியது. என் சித்தியின் சுங்குடிச் சேலை வியாபாரத்துக்கு வாட்ஸ்அப் கேட்டலாக் தயாரித்தபோது நானும் இதே கேள்வியைச் சந்தித்தேன்.
>
> பி.காம் முடித்துள்ளேன். கான்வாவிலும் ஃபோன் வீடியோ எடிட்டிங்கிலும் பழக்கம் உண்டு. மேலூரிலிருந்து தினமும் வந்துபோக முடியும். திருவிழா நாட்களிலும் வேலை செய்யத் தயார். உடனே சேரலாம்.
>
> இப்படிக்கு,

வாட்ஸ்அப்பில் ரெஸ்யூம் அனுப்பச் சொல்லும் கடைகளும் ஏஜென்சிகளும் மதுரையில் நிறைய. அங்கே இந்த முழு லெட்டரை ஒட்டாதீர்கள். வேலையின் பெயர், பக்கம் என்ன என்று ஒரு வரி, எண்கள் இருக்கும் ஒரு வரி, லிங்க், சேரும் நாள். அவ்வளவு போதும். மெயில் என்றால் லெட்டரை மெயிலுக்குள்ளேயே எழுதி, ரெஸ்யூமை மட்டும் பிடிஎஃப்பாக இணையுங்கள். தனி ஃபைலாக இணைத்த லெட்டரை ஃபோனில் மெயில் பார்ப்பவர் திறக்காமலே போகலாம்.

## 10. லிங்க்கை அந்நியராகத் திறந்து பாருங்கள்

பக்கத்தின் முகப்பு லிங்க் மட்டும் கொடுத்தால் படிப்பவர் எதைப் பார்ப்பது என்று தேட வேண்டும். மூன்று போஸ்ட் லிங்க் கொடுங்கள்: ஒரு பழைய ரீல், ஒரு விலை அட்டை, திருத்தம் போட்ட அந்தப் போஸ்ட். ரீலைத் தேர்ந்தெடுக்கும்போது மார்க்கெட்டின் சொந்தச் சத்தம் இருப்பதை எடுங்கள். சினிமாப் பாட்டு வைத்த ரீல் அழகாக இருந்தாலும், பிசினஸ் கணக்குகளுக்கு இன்ஸ்டாகிராம் தரும் பாட்டு லைப்ரரி சுருக்கமானது. பாட்டு இல்லாமல் உங்களால் ரீல் செய்ய முடியுமா என்பதைத்தான் ஏஜென்சி பார்க்கும்.

இன்ஸ்டாகிராமில் லாகின் செய்யாமல் திறந்தால் பல நேரம் லாகின் திரைதான் வரும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் மெயில் பார்ப்பவருக்கு அதுவே தடை. அதனால் அதே மூன்று போஸ்ட்டின் ஸ்கிரீன்ஷாட்டும் இன்சைட்ஸ் ஸ்கிரீன்ஷாட்டும் ஒரு பிடிஎஃப்பில் போட்டு கூகுள் டிரைவில் வையுங்கள். கமெண்ட் போட்டவர்களின் பெயர், படம் தெரிந்தால் மறைத்துவிடுங்கள்.

டிரைவில் ஷேர் செய்யும்போது `Restricted` என்றே விட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அதை `Anyone with the link` என்று மாற்றி, பக்கத்தில் `Viewer` வையுங்கள். மாற்றாவிட்டால் படிப்பவர் அனுமதி கேட்டு பட்டனை அழுத்த வேண்டும். அழுத்த மாட்டார், அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார். உங்களுக்குத் தகவலே வராது. பிரவுசரில் இன்காக்னிட்டோ திரையைத் திறந்து லிங்க்கை ஒட்டிப் பாருங்கள், திறந்தால் அனுப்பலாம். சொந்த ஃபோனில் திறந்து பார்ப்பது சோதனை ஆகாது, உங்கள் கணக்குக்கு எப்போதும் திறக்கும்.

அனுப்பிய பிறகு பக்கத்தை நிறுத்திவிடாதீர்கள். மேலாளர் லெட்டரைப் படித்த அன்றே லிங்க்கைத் தொடுவார் என்று சொல்ல முடியாது, இரண்டு வாரம் கழித்துக்கூடத் தொடுவார். ‘தினமும் காலை 6 மணிக்கு’ என்று லெட்டரில் எழுதியிருக்கிறீர்கள். கடைசி அட்டையின் தேதியைத்தான் அவர் முதலில் பார்ப்பார்.